விடுப்பு வேறு, இடைவெளி வேறு

கேள்வி: 2018 ஜூனிலிருந்து சென்னையில் ஜாவா டெவலப்பராக இருந்தேன். 2023 ஏப்ரல் 10 முதல் பேறுகால விடுப்பு. அது முடிந்ததும் ராஜினாமா செய்தேன். டிசம்பர் 29 அன்று ரிலீவ் செய்தார்கள். இப்போது மண்டபத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஜாவா 8, ஸ்பிரிங் பூட் 2 வரைதான் பழக்கம். இடைவெளியை ரெஸ்யூமேயில் எப்படிக் காட்டுவது? மூன்று முன்னுரைகள் எழுதி அனுப்பியிருக்கிறேன். எதை வைக்கலாம்?
– வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் ரெஸ்யூமேயில் முதலில் கண்ணை உறுத்தியது ஒரு தேதி. ‘ஜூன் 2018 – ஏப்ரல் 2023’ என்று போட்டிருக்கிறீர்கள். ஏன் ஏப்ரல்? 26 வாரச் சம்பள விடுப்பு அக்டோபர் 8 வரை ஓடியிருக்கிறது. அந்த நாட்களிலும் நீங்கள் அந்தக் கம்பெனி ஊழியர்தான். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதிதான் கடைசி நாள். எட்டு மாத அனுபவத்தை நீங்களே வெட்டி எறிந்துவிட்டீர்கள்! போதாததற்கு, புதிய கம்பெனி சரிபார்க்கும்போது லெட்டர் ஒன்று சொல்லும், ரெஸ்யூமே வேறு சொல்லும். ‘டிசம்பர் 2023’ என்று திருத்துங்கள்.

இடைவெளி 2024 ஜனவரியில்தான் தொடங்குகிறது. அதை அனுபவப் பகுதியிலேயே, மேலே, ஒரே வரியில் எழுதுங்கள்: ‘ஜனவரி 2024 முதல்: குழந்தை வளர்ப்புக்கான இடைவெளி’. காரணம் விளக்க வேண்டாம். ஃப்ரீலான்ஸ் என்று போட்டு மறைக்கவும் வேண்டாம். பில்லைக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

அதன் கீழ், அந்த இடைவெளியில் செய்த சொந்த புராஜெக்ட் பற்றி இரண்டாவது வரி ஒன்று வேண்டும். அதற்குத்தான் வேலை செய்ய வேண்டும். ஸ்பிரிங் பூட் 3-க்குக் குறைந்தது ஜாவா 17 தேவை. புதிதாகக் கோர்ஸ் சேருவதைவிட, உங்களுக்குத் தெரிந்த பழைய பதிப்பிலேயே சின்னதாக ஒன்றை எழுதி, பிறகு அதை 3-க்கு மாற்றுங்கள். உங்கள் ஊரில் மீன் வாடிக்குப் பஞ்சமா? ஒரு வாடியின் கணக்கையே எழுதுங்கள்: படகு வாரியாக எடை, ஏல விலை, ஐஸ் பாக்கி, இவ்வளவு போதும்.

மாற்றும்போது `javax` என்பதெல்லாம் `jakarta` ஆகும் என்று படித்துவிட்டு, மொத்தமாகத் தேடி மாற்றுவார்கள். அங்கேதான் சிக்கல். ஜாவாவோடு கூடவே வரும் பகுதிகள் மாறவில்லை:

```java
import jakarta.persistence.Entity; // மாறியது
import javax.sql.DataSource;       // மாறாதது
```

அப்புறம் லாகின் பகுதி கம்பைல் ஆகாது. `WebSecurityConfigurerAdapter` இப்போது இல்லை. `SecurityFilterChain` என்ற பீனாக அதை எழுத வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனி கமிட்டாகப் போடுங்கள். நேர்காணல் செய்பவர் திறந்து பார்த்தால், எங்கே இடித்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று தெரியும்.

சரி, முன்னுரைக்கு வருவோம். ‘கடின உழைப்பாளி’ என்று தொடங்கும் முதலாவது யாருக்கும் பொருந்தும். இரண்டாவது தாய்மையில் தொடங்குகிறது. அதற்குத்தான் கீழே ஒரு வரி இருக்கிறதே. மூன்றாவதை வையுங்கள், இப்படித் திருத்தி: ‘ஐந்தரை ஆண்டு அனுபவமுள்ள ஜாவா பேக்எண்ட் டெவலப்பர். ஸ்பிரிங் பூட் 2-ல் பணி அனுபவம். சொந்த புராஜெக்ட் ஒன்றை ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3-க்கு மாற்றியிருக்கிறேன்.’

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வேலையை முடித்த பிறகு சேருங்கள். முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.