பலவீனமான இதயத்துக்கு ஏன் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மாரடைப்புக்குப் பிறகு எக்கோ எடுத்ததில் பம்பிங் 30% தான் என்றார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 100 இருக்கிறது. உடம்பே இதயத்தை வேகப்படுத்தி எப்படியோ சமாளிக்கிறது. டாக்டரோ துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார். இருக்கிற பலத்தையும் பிடுங்குவது மாதிரி இல்லையா?

பதில்:

இதயப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கேட்டதையேதான் 1970களில் மருத்துவர்களும் கேட்டார்கள். அப்போது பாடப்புத்தகங்களும் உங்கள் பக்கம்தான் இருந்தன.

முதலில் அப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நல்ல இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறத்தாழ 5 லிட்டர். அப்பாவின் இடது கீழறை வீங்கி 150 மில்லி கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 30% என்றால் ஒரு துடிப்புக்கு 45 மில்லி. பழைய 70 துடிப்பிலேயே ஓடினால் நிமிடத்துக்கு 3.15 லிட்டர்தான் கிடைக்கும். 100 துடித்தால் 4.5 லிட்டர். ஆக, அந்த வேகம் வீண் இல்லை. மாரடைப்பு வந்த முதல் நாட்களில் ஆளைக் காப்பாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த வேகத்துக்கு உத்தரவு போடுவது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் ரத்தக்குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் நரம்பு முனைகள் உண்டு. விரிவு குறைந்தால் மூளைத்தண்டுக்குத் தகவல் போகும். அங்கிருந்து, ஆபத்து வேளையில் உடம்பை முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்புகள் வழியாக நார்அட்ரீனலின் என்ற ரசாயனம் பாயும். இதயம் வேகம் எடுக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைவதால் அது ரெனினைச் சுரக்கும். அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் உருவாகும், அது அல்டோஸ்டிரோனைத் தூண்டும், உப்பும் தண்ணீரும் உடம்பிலேயே தங்கும்.

வெட்டுக்காயத்தில் ரத்தம் போனாலும், வாந்தி பேதியில் உடம்பு வற்றினாலும் நடப்பது இதேதான். அந்த நரம்பு முனைகளுக்கு விரிவு குறைந்தது மட்டும்தான் தெரியும். ரத்தம் போனதா, பம்ப் கெட்டதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. காயம்பட்டவருக்கு ரத்தப்போக்கு நின்று, இழந்த நீர் திரும்பியதும் அலாரம் அடங்கிவிடும். அப்பாவுக்குச் செத்த தசை திரும்ப வரப்போவதில்லை. அதனால் அலாரம் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கிறது.

அது நீடிக்கும்போது என்ன ஆகிறது? 70 துடிப்பில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 0.86 வினாடி. 100 துடிப்பில் அது 0.6 வினாடி. இதில் சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது. வெட்டு விழுவது பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான். இடது கீழறைத் தசைக்கு ரத்தம் முக்கியமாகக் கிடைப்பது அது தளரும்போதுதான். ஒரு நாளைக்கு 43,000 துடிப்பு கூடுதலாக உழைக்கும் தசைக்கு, ரத்தம் வாங்கிக்கொள்ளும் இடைவெளி சுருங்கிப்போகிறது. அப்பாவுக்கு இதயத் தமனியிலேயே அடைப்பு இருந்தது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது சுமை. இறுகிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளுவது நல்ல இதயத்துக்குப் பெரிய விஷயம் இல்லை. பலவீனமான இதயமோ எதிர்ப்பு கூடக்கூட வெளியே தள்ளும் அளவைக் குறைத்துக்கொள்ளும். 45 மில்லி 40 ஆகும். விரிவு இன்னும் குறையும், நார்அட்ரீனலின் இன்னும் கூடும்.

தண்ணீர் கதையும் இப்படித்தான். ஒரு எல்லை வரை, அறை நிறைய நிறைய இதயம் பலமாகச் சுருங்கும். அப்பாவின் இதயம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. இனி சேரும் ஒவ்வொரு லிட்டரும் வெளியேறும் ரத்தத்தைக் கூட்டாது; பின்னால் தேங்கி நுரையீரலை நனைக்கும், காலில் இறங்கும். அறை பெரிதாகப் பெரிதாகச் சுவரின் இழுவிசையும் ஏறும். இழுபடும் இதயம் பிஎன்பி என்ற ஹார்மோனைச் சுரந்து உப்பை வெளியேற்றப் பார்க்கிறது. ஆனால் எதிர்த்தரப்பின் பலத்துக்கு முன்னால் அது எடுபடுவதில்லை. உங்கள் டாக்டர் ரத்தத்தில் அளக்கச் சொல்வது இதைத்தான், அல்லது இதோடு சேர்ந்து வெளிவரும் துண்டை.

இதெல்லாம் இயந்திரக் கணக்கு. தசைக்குள்ளேயே நடக்கும் சேதம் தனி. ஓயாமல் நார்அட்ரீனலின் தாக்கினால் செல்லுக்குள் கால்சியம் ஒழுங்கு கெடும், துடிப்பு தாறுமாறாகும், செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். ஆஞ்சியோடென்சினும் அல்டோஸ்டிரோனும் அந்த இடங்களில் நார்த்திசுவை வளர்க்கும். தசையோ நார்அட்ரீனலினின் உத்தரவை வாங்கிக்கொள்ளும், தன்மேல் இருக்கும் பீட்டா ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. மாற்று அறுவையில் எடுக்கப்பட்ட நோயுற்ற இதயங்களை 1980களில் சோதித்தபோது ஏற்பிகள் ஏறக்குறையப் பாதியாகியிருந்தன. அந்தச் செல்கள் காதைப் பொத்திக்கொள்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றும்.

“ஹார்மோன் ஏறுவது நோயின் அடையாளமாக மட்டும் ஏன் இருக்கக் கூடாது?” என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பதில் மருந்துச் சோதனைகளில் கிடைத்தது. இதயத்தை வேகமாகவும் பலமாகவும் சுருங்க வைக்கும் மில்ரினோன் மாத்திரையை ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் சோதித்தார்கள். 1991இல் முடிவு வந்தபோது, மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு 28% அதிகம். எதிர்த்திசையில் போனது ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் குழு. அவர்கள் 1975இல் ஏழே நோயாளிகளுக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்து, இதயம் தேறியதாக எழுதினார்கள். அந்த பீட்டா ஏற்பிகளை அடைத்துத் துடிப்பைக் குறைக்கும் மருந்து அது; அப்பாவுக்கு எழுதியிருப்பதும் அந்த வகைதான். பல ஆண்டுகள் யாரும் சரியாக நம்பவில்லை. 1987இல் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் எனலாபிரில், மிகக் கடுமையான நோயாளிகளின் ஆறு மாத இறப்பை 44%-லிருந்து 26%-க்கு இறக்கியது. 1999இல் பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் என்ற இரண்டு பீட்டா பிளாக்கர்களின் பெரிய சோதனைகளிலும் இறப்பு 34% குறைந்தது. அதே ஆண்டு அல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் 30% குறைத்தது. அதன் பிறகு வாதத்துக்கு இடமில்லை.

அப்படியானால் அலாரத்தை ஒரேயடியாக அணைத்துவிடலாமே? மூளையிலிருந்து கிளம்பும் சிம்பதெடிக் உத்தரவையே அடக்கும் மோக்சோனிடினைச் சோதித்தபோது, அந்தப் பிரிவில் அதிகம் பேர் இறந்ததால் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். பலவீனமான இதயம் அந்த வேகத்தை நம்பித்தான் நிற்கிறது என்ற உங்கள் உள்ளுணர்வு அந்த அளவுக்குச் சரி. அதனால்தான் பீட்டா பிளாக்கரை மூச்சிரைப்பு அடங்கி, நுரையீரலில் நீர் வற்றிய பிறகு, துளி அளவில் தொடங்குகிறோம். கார்வெடிலால் என்றால் 3.125 மி.கி., தினம் இரண்டு வேளை. தாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி 25 வரை போவோம். அவசரப்படாமல் போனாலும் குறைந்தது ஆறு வாரம் ஆகும்.

முதல் சில வாரங்கள் அப்பா “முன்னைவிட அசதியா இருக்கு” என்பார். அது எதிர்பார்த்ததுதான். பம்பிங் கூடுவது தெரிய மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் எக்கோ எடுத்துப் பார்த்து மனம் விட வேண்டாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தலைசுற்றி விழப்போனாலோ, துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ அன்றே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்: அடைபட்டிருந்த அட்ரீனலின் எல்லாம் ஒரேயடியாக இதயத்தின்மேல் பாயும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். அவை சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிவைக்கும். மற்ற மாத்திரைகள் செய்த வேலையை ஒரே வாரத்தில் கெடுத்துவிடும்.