ஸ்லைடை வீடியோவாக்க மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: புதிதாகச் சேரும் மாணவர்களின் பெற்றோருக்காக பவர்பாயின்ட்டில் 12 ஸ்லைடு தயார் செய்து, என் குரலிலும் விளக்கம் பதிவு செய்திருக்கிறேன். அதை வீடியோவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஒரு இணையதளத்தில் இலவசமாக மாற்றினேன். மூலையில் அவர்கள் பெயர் வந்துவிட்டது, என் குரலைக் காணோம், போனில் பார்த்தால் எழுத்து மங்கல். ஆண்டுச் சந்தா கட்டினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில், மூலையில் வந்த பெயரை எடுப்பதுதான் சந்தாவால் நிச்சயம் நடக்கும். குரல் வராவிட்டால் அதைப் பவர்பாயின்ட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். எழுத்து மங்குவதற்கு வாட்ஸ்அப்பும் உங்கள் ஸ்லைடின் அளவும்தான் காரணம், அதை எந்த மாற்றி மென்பொருளும் தீர்க்காது. தவிர, மாணவர்கள் தொடர்பான கோப்பை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதும் நல்லதல்ல.

வீடியோவாக்கும் வசதி கணினியில் நிறுவிய பவர்பாயின்ட்டிலேயே இருக்கிறது. விண்டோஸில் File > Export > Create a Video என்று போங்கள். அங்கே இரண்டு பெட்டிகள் தெரியும். ஒன்று தரத்துக்கு. இன்னொன்றில் Use Recorded Timings and Narrations என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பக்கத்திலிருக்கும் Don't Use என்று தொடங்கும் வரி தேர்வாகியிருந்தால், நீங்கள் பதிவு செய்த குரல் வீடியோவில் வராது. குரல் காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கீழே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எத்தனை விநாடி என்று ஒரு எண் இருக்கும், வழக்கமாக 5. நேரம் பதிவாகாத ஸ்லைடுகளுக்குத்தான் அது பொருந்தும். ஆனால் நடுவில் ஒரு ஸ்லைடுக்கு மட்டும் பதிவு விட்டுப்போயிருந்தால், அது 5 விநாடியில் ஓடிவிடும். கட்டண விவரம் போட்ட ஸ்லைடு அப்படிப் பறந்தால் குழுவில் அத்தனை பேரும் அதையேதான் கேட்பார்கள்.

சேமிக்கும்போது வகை MP4 என்று இருக்கிறதா பாருங்கள். WMV என்று சேமித்தால் பல போன்களில் திறக்காது. Create Video-வை அழுத்தியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். திரையின் அடியில் ஒரு பட்டை மெதுவாக நகரும், அது முடியும்வரை பவர்பாயின்ட்டை மூடக்கூடாது. மேக்கில் File > Export போய், வடிவத்தை MP4 என்று மாற்றினால் போதும்.

இனி மங்கல் விஷயம். இதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன.

முதலாவது வாட்ஸ்அப்பின் கைவரிசை. கேலரியிலிருந்து வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். அனுப்பும் முன் திரையின் மேலே தெரியும் HD-ஐத் தொட்டால் சற்று நல்ல தரத்தில் போகும், தொடாவிட்டால் இன்னும் குறையும். ஆகவே நீங்கள் 4K-வில் ஏற்றுமதி செய்தாலும் பெறுபவருக்கு 4K போகாது, உங்கள் கணினிக்கு வேலையும் கோப்புக்குக் கனமும்தான் மிச்சம். சுருக்கமே வேண்டாம் என்றால் இணைப்பில் Document-ஐத் தொட்டு, அந்த வழியாக MP4 கோப்பை அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போகும். அதில் ஒரு அசௌகரியம் உண்டு: அரட்டையில் வீடியோபோல ஓடாது, இறக்கித் திறக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் திறக்காமலே விட்டுவிடலாம். பெற்றோர் குழுவுக்கு HD-யில் அனுப்புவதையே நான் சொல்வேன்.

இரண்டாவது சங்கதிதான் பெரியது, பலரும் கவனிக்காதது. வழக்கமான ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம், கிட்டத்தட்ட 34 செ.மீ. நிமிர்த்திப் பிடித்த போனின் திரை அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. அதாவது உங்கள் ஸ்லைடு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நீங்கள் 20 பாயின்ட்டில் அடித்த வரி போனில் 4 பாயின்ட்டாகத் தெரியும். மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தைவிடச் சிறிது. வீடியோ எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது கண்ணுக்கு மங்கலாகத்தான் படும். போனைப் படுக்கையாகத் திருப்பினால் சரியாகும், ஆனால் எத்தனை பேர் திருப்பப் போகிறார்கள்?

அதனால் ஸ்லைடையே நிமிர்த்திவிடுங்கள். முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். Design > Slide Size > Custom Slide Size போய் அகலம் 7.5 அங்குலம், உயரம் 13.33 அங்குலம் என்று மாற்றுங்கள். கேட்கும்போது Ensure Fit கொடுங்கள், எதுவும் வெட்டுப்படாது. இப்போது 19 செ.மீ. அகலம்தான் 7 செ.மீ. ஆகிறது. எழுத்தை 28 பாயின்ட் வைத்தால் போனில் சுமார் 10 பாயின்ட்டாகத் தெரியும், வசதியாகப் படிக்கலாம். என்ன, Ensure Fit எல்லாவற்றையும் சிறிதாக்கி நடுவில் வைத்துவிடும். எழுத்தைப் பெரிதாக்குவதும் படங்களைக் கீழே இறக்குவதும் கையால் செய்ய வேண்டிய வேலை. 12 ஸ்லைடுக்கும் பொறுமையாக உட்கார வேண்டியதுதான். ஒரு ஸ்லைடில் இடம் போதவில்லையென்றால் அதை இரண்டாக்கி, அந்த இரண்டுக்கும் குரலை மறுபடி பதிவு செய்யுங்கள்.

நிமிர்ந்த ஸ்லைடுக்கு தரத்தில் Full HD 1080p எடுங்கள். அந்த எண் படத்தின் உயரத்தைக் குறிக்கிறது. 720p எடுத்தால் அகலம் வெறும் 405 புள்ளிகள்தான் கிடைக்கும், எழுத்தின் ஓரம் உடையும். 1080p-யில் அகலம் சுமார் 608. படுக்கை ஸ்லைடாகவே வைத்துக்கொள்வதானால் 720p போதும்.

குரலைப் பற்றியும் ஒன்று. ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் நேரத்தில் பேசினால் அந்த வார்த்தை பதிவாகாது. சொல்லி முடித்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த ஸ்லைடுக்குப் போய், அது நின்ற பிறகு பேச்சைத் தொடங்குங்கள். ஸ்லைடின் நடுவே சொற்கள் சரியாக இருந்து, தொடக்கமோ முடிவோ மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் காரணம் இதுதான். அந்த ஸ்லைடை மட்டும் மறுபதிவு செய்தால் போதும்.

அப்புறம், வீடியோவில் இணைப்புகள் வேலை செய்யாது. உங்கள் ஸ்லைடில் விண்ணப்பப் படிவத்துக்கான இணைப்போ, தேதிப் பட்டியலோ இருந்தால், அந்தப் பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கிக் கூடவே அனுப்புங்கள். ஜூன் மாதக் கட்டணத் தேதி என்ன என்று தேட, வீடியோவை முன்னும் பின்னும் இழுக்க யாரும் விரும்பமாட்டார்கள். குரல் விளக்கமே இல்லாமல் இருந்திருந்தால், மொத்தத்தையும் பிடிஎஃப் ஆகவே அனுப்பச் சொல்லியிருப்பேன்.

குழுவில் போடுமுன் உங்களுக்கு நீங்களே அனுப்பி, கணினியில் அல்ல, போனில், நிமிர்த்திப் பிடித்து ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். சந்தாவுக்கான சோதனைக் காலத்தை ஏற்கனவே தொடங்கி, கார்டு விவரமும் கொடுத்திருந்தால், அது தானாகப் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே ரத்து செய்யுங்கள். செயலியை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது, கணக்குக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும்.