இன்னொரு தட்டு சூப்

கேள்வி: நாவலில் சமையல், சாப்பாடு என்று வந்தாலே நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அதற்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

நானும் அப்படித்தான் புரட்டிக்கொண்டிருந்தேன், வர்ஜீனியா வூல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' (1927) படிக்கும்வரை. அதில் ஒரு ராத்திரிச் சாப்பாடு வருகிறது. கடலோர வீடு, மேசையில் பதினைந்து பேர். எல்லோருக்கும் சூப் ஊற்றியாகிவிட்டது. கார்மைக்கேல் என்ற வயதான கவிஞர், பரிமாறும் பெண்ணிடம் இன்னொரு தட்டு சூப் கேட்கிறார். அவ்வளவுதான் நடப்பது.

வீட்டுக்காரர் ராம்சேக்கு முகம் சிவந்துவிடுகிறது. தான் முடித்த பிறகு இன்னொருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவருக்குப் பிடிக்காது. நம் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை கை காயக் காய உட்கார்ந்திருப்போமே, அந்தப் பொறுமை இவரிடம் கிடையாது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடக்கிக்கொள்கிறார். மேசையின் மறுகோடியில் இருக்கும் மனைவிக்கு அது புரிகிறது. இருவரும் கண்ணாலேயே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அதற்குள் பிள்ளைகள் இரண்டு பேர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டார்கள், இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் வெடித்துச் சிரித்துவிடுவார்கள். அம்மா சட்டென்று, "மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள்" என்கிறாள். பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்கள். அந்த வீடு தினமும் எப்படி ஓடுகிறது, யாருடைய கோபத்தை யார் மூடி மறைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு வேலை ஏவலில் தெரிந்துவிடுகிறது. கார்மைக்கேலோ எதையும் கண்டுகொள்ளாமல் சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய குணமும் அதிலேயே வந்துவிட்டது.

அப்புறம் பெரிய மண்சட்டியில், ஒயினும் பிரிஞ்சி இலையும் போட்டு நிதானமாக வேகவைத்த மாட்டிறைச்சி வருகிறது. பதம் தவறக் கூடாது. சமையல்காரி மில்ட்ரெட் மூன்று நாள் பாடுபட்டுச் செய்தது. விருந்தாளி ஒருவர் வாயில் வைத்ததும் புகழ்கிறார். ராம்சே அம்மாள் பூரித்துப்போய், "என் பாட்டியின் பிரெஞ்சுப் பக்குவம்" என்கிறாள். மில்ட்ரெட்டின் பேச்சே எழவில்லை. எனக்கு ராம்சே அம்மாளை ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வரும்.

நாவலின் நடுப்பகுதியில் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. அம்மாள் இறந்துபோகிறாள், அதுவும் அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியமாக. பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பெருக்க வரும் மக்நாப் கிழவி பழசை நினைத்துப் பார்க்கிறாள். அந்தச் சமையல்காரியின் பெயர் மில்ட்ரெட்டா, மரியனா? அவளுக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்தச் சமையலறையில் தனக்கென்று ஒரு தட்டு பால் சூப் எப்போதும் இருந்தது மட்டும் மறக்கவில்லை.