மலைல ஸ்கூல் காலண்டர் போடுறது: வேலை நாளும் பாடம் நடக்குற நாளும் ஒண்ணு இல்ல

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல வேலை பாக்குறேன். வர்ற வருஷத்துக்கு 6ல இருந்து 8 வரைக்கும் காலண்டர் போடுற பொறுப்பை என் தலைல கட்டிட்டாங்க. 220 நாளும் வரணும், பரீட்சை, திருவிழா லீவு, ஸ்போர்ட்ஸ் டே, டீச்சர்ஸ் டிரெயினிங்னு எல்லாமும் வரணும், மழை லீவு வேற இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பதில்:

குன்னூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல எட்டு வருஷமா இந்த வேலைய நான்தான் பாக்குறேன், முதல் ரெண்டு வருஷம் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதனால தைரியமா சொல்றேன். லீவு லிஸ்ட்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. எல்லாரும் அரசு விடுமுறை லிஸ்ட எடுத்து வச்சு சிவப்பு பேனால வட்டம் போட்டுட்டு, மிச்சம் இருக்குறதெல்லாம் கிளாஸ் நடக்கும்னு நினைச்சுக்குவாங்க, அங்கதான் கோட்டை விடுறோம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009ல அட்டவணைய ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 6ல இருந்து 8 வரைக்கும் 220 வேலை நாள் மட்டும் கேக்கல, வருஷத்துக்கு 1000 மணி நேரம் பாடம்னும் சேத்துதான் கேக்குது (1ல இருந்து 5க்கு 200 நாள், 800 மணி நேரம்). 220 எல்லாருக்கும் மனப்பாடம், 1000 யார் ஞாபகத்துலயும் இருக்காது. பரீட்சை நாளும் ஆண்டு விழா நாளும் வேலை நாள் கணக்குல வந்துடும், ஆனா அன்னைக்கு பாடம் எங்க நடக்குது?

எங்களுக்கு ஒரு நாளைக்கு 40 நிமிஷத்துல 8 பீரியட், அதாவது 320 நிமிஷம், 5 மணி 20 நிமிஷம். 1000 மணி நேரத்த இதால வகுத்தா 188 நாள் வரும். ஆக எனக்கு ரெண்டு நம்பர், ரிஜிஸ்டர்ல 220, கிளாஸ்ரூம்ல 188. உங்க பீரியட் 45 நிமிஷமா இருந்தா ரெண்டாவது நம்பர் குறையும், உங்க டைம்டேபிள வச்சு போட்டுக்கங்க.

2025-26க்கு நாங்க போட்ட கணக்க அப்படியே சொல்றேன். ஜூன் 2 திங்கள்ல இருந்து ஏப்ரல் 24 வெள்ளி வரைக்கும் 47 வாரம், திங்கள்ல இருந்து வெள்ளி மட்டும் எண்ணினா 235 நாள். காலாண்டு லீவு 5 நாள், அரையாண்டு லீவு 8 நாள், இந்த ரெண்டுக்குள்ள விழாம தனியா வார நாள்ல வர்ற அரசு விடுமுறை 11. எல்லாம் கழிச்சா 211. மழை, உள்ளூர் விடுமுறை எதுவும் தொடாமலேயே 220க்கு 9 குறையுது பாருங்க. அதனால 14 சனிக்கிழமை வேலை நாளா போட்டு 225 ஆக்கினோம்.

இப்ப இதுல மூணு பரீட்சைக்கும் எட்டெட்டு நாள்னு 24 கழிங்க, 201. ஸ்போர்ட்ஸ் டே ஒண்ணு, ஆண்டு விழா ஒண்ணு, ஒத்திகை அது இதுன்னு போறதெல்லாம் சேத்தா இன்னொரு ரெண்டு நாள், ஆக 197. 188க்கு மேல 9 நாள் கையில இருக்கு, ஆனா 220க்கு மேல இருக்குறது வெறும் 5 நாள்தான். அதாவது ஆறாவது மழை லீவு விட்ட அன்னைக்கே ரிஜிஸ்டர் கணக்கு உதைக்கும், கிளாஸ் கணக்கு தாங்கும். இது முன்னாடியே தெரிஞ்சா ஜனவரி பிப்ரவரில இன்னும் மூணு சனிக்கிழமைய 'தேவைப்பட்டா வேலை நாள்'னு காலண்டர்லயே அச்சடிச்சிடலாம், பெத்தவங்களும் அன்னைக்கு கல்யாணம் காதுகுத்துனு ஒத்துக்க மாட்டாங்க. பிப்ரவரில திடீர்னு சர்க்குலர் விட்டா வர்ற சண்டை இருக்கே, அது தனி.

அடுத்தது முக்கியம், இத எனக்கு யாரும் சொல்லித் தரல. லீவு எத்தனைனு மட்டும் பாக்காம எந்தக் கிழமைல விழுதுனும் பாக்கணும். மேல சொன்ன 211 நாள்ல திங்கள், செவ்வாய், புதன் ஆளுக்கு 43, வியாழன் 42, வெள்ளி 40தான். ஆகஸ்ட் 15, மிலாடி நபி, திருவள்ளுவர் தினம், புனித வெள்ளி எல்லாம் அந்த வருஷம் வெள்ளில வந்துச்சு, காலாண்டு அரையாண்டு லீவுல மூணு வெள்ளி போச்சு. எங்க ஸ்கூல்ல ஏழாவது பி பிரிவுக்கு சயின்ஸ் லேப் வெள்ளிக்கிழமை ரெண்டு பீரியட் சேந்தாப்புல. அப்புறம் பி பிரிவு மட்டும் ஏன் எப்பவும் பின்தங்குதுனு அந்த டீச்சரக் கூப்பிட்டு கேக்குறோம், பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க.

அதனால சனிக்கிழமை வேலை நாள்னா 'இன்னைக்கு இந்தக் கிழமை டைம்டேபிள்'னு காலண்டர்லயே போட்டுடணும். 14 சனிக்கிழமைல 5 வெள்ளிக்கு, 3 வியாழனுக்கு, திங்கள் செவ்வாய் புதனுக்கு ரெண்டு ரெண்டு குடுத்தோம், எல்லாக் கிழமையும் சரியா 45 ஆயிடுச்சு. கையால எண்ணி கண்ணு வலிக்க வேணாம், ஷீட்ல A2ல ஆரம்ப தேதி, B2ல முடியுற தேதி, H காலத்துல லீவு தேதிகள் வச்சுட்டு இத போடுங்க:

```
=NETWORKDAYS(A2,B2,H2:H40)
=NETWORKDAYS.INTL(A2,B2,"1111011",H2:H40)
```

முதல் வரி மொத்த வார நாள், ரெண்டாவது வெள்ளி மட்டும். அந்த ஏழு எண் திங்கள்ல இருந்து ஆரம்பிக்கும், 0 இருக்குற கிழமைய மட்டும்தான் எண்ணும். 0வ இடம் மாத்தி மாத்தி ஒவ்வொரு கிழமைக்கும் பாத்துக்கலாம்.

இனி மழை. நீலகிரில மழை லீவு ஒரே சீசன் இல்ல. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்கு, அது கூடலூர் பந்தலூர் ஊட்டி பக்கம்தான் வெளுத்து வாங்கும், சில சமயம் அந்த தாலுகாவுக்கு மட்டும் கலெக்டர் லீவு விடுவாங்க. நமக்கு, அதாவது கோத்தகிரி குன்னூர் பக்கத்துக்கு, நிஜமான தொல்லை அக்டோபர் நவம்பர்ல வடகிழக்குதான், 2009 நவம்பர் மண்சரிவ பாத்தவங்க யாரும் அத மறக்க மாட்டாங்க. அதனால என் கணக்குல நவம்பர்ல புதுப் பாடம் பாதி வேகத்துலதான் ஓடும், அரையாண்டு போர்ஷன அக்டோபர் கடைசில முக்கால்வாசி முடிக்கிற மாதிரி போட்டுட்டு, நவம்பர்ல யூனிட் டெஸ்ட் தேதியே போடுறதில்ல, வாரம் மட்டும் போடுவேன்.

பரீட்சை நடக்கும்போது மழை லீவு வந்தா என்ன பண்றதுனும் ஒரு வரி அச்சடிச்சிடுங்க, விட்டுப்போன பேப்பர் கடைசி நாளுக்கு அப்புறம் நடக்கும், மத்த பேப்பர் தேதி மாறாதுன்னு. நான் ஒரு வருஷம் எல்லாத்தையும் ஒரு நாள் தள்ளிட்டேன். எஸ்டேட் லைன்ல டவர் கிடைக்காம பாதி வீட்டுக்கு மெசேஜே போகல, மறுநாள் தமிழ் பேப்பருக்கு பசங்க ஜாமெட்ரி பாக்ஸோட வந்து நிக்குதுங்க. அன்னைக்கு பிரின்சிபால் மேடம் என்னைய பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. கடைசி பேப்பருக்கும் லீவு ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல ஒரு வேலை நாள் சும்மா விட்டு வச்சாதான் இந்த விதி வேலைக்கு ஆகும், மழை வராட்டி அன்னைக்கு பாடம் நடத்திக்கங்க.

திருவிழால கோத்தகிரிக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம், ஹெத்தையம்மன் பண்டிகை. டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் பாதில வரும், மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை ஒரு நாள் விட்டு பதிலுக்கு ஒரு சனிக்கிழமைய வேலை நாளா சொல்லுவாங்க, ஆக எண்ணிக்கை குறையாது. ஆனா படுகர் வீட்டுப் பசங்க ஒரு நாளோட நிறுத்த மாட்டாங்க, பேரகணிக்கு போகணும், சொந்தக்காரங்க ஹட்டிக்கு போகணும். நிறைய படுகர் பசங்க படிக்கிற ஸ்கூல்னா முன்னாடி பின்னாடி ஒவ்வொரு நாள் வருகை கம்மியாத்தான் இருக்கும். அந்த வாரம் டெஸ்ட், புதுப் பாடம் எதுவும் வைக்காதீங்க, திருப்புதல் வச்சுக்கங்க. தேதிய ஊர்ப் பெரியவங்க யாரையாவது கேட்டுக்கங்க. பொங்கல் தீபாவளி மறுநாளும் அதே கதைதான், சமவெளில சொந்த ஊருக்கு போன எஸ்டேட் குடும்பங்களுக்கு திரும்பி வர பஸ் கிடைக்கணும்ல.

ஸ்போர்ட்ஸ் டேக்கு எங்க பி.இ.டி. சார் கூட வருஷா வருஷம் மல்லுக்கட்டுதான். ஜூலை ஆகஸ்ட்ல வேணாம், கிரவுண்டு சேறு. டிசம்பர் பரீட்சை. பிப்ரவரினா பெரிய கிளாஸுக்கு பிராக்டிகல். மிச்சம் ஜனவரி கடைசி வாரம், குளிர்தான் ஆனா காய்ஞ்ச தரை, காலைல 10 மணிக்கு ஆரம்பிச்சா பனி ஈரம் போயிருக்கும். குறுவட்டப் போட்டி தேதி நம்ம கைல இல்ல, அது வர்றப்ப வரும், அதுக்குப் போற பசங்களுக்கு டெஸ்ட் மறுபடி வைக்க ஒரு நாள் ஒதுக்கினா போதும், மொத்த கிளாஸையும் நிறுத்தாதீங்க.

டிரெயினிங்ல நான் பண்ணின தப்பு, பரீட்சை மதியம் பசங்க போனதும் ஸ்டாஃப உக்கார வச்சேன். நாள் மிச்சம்னு எனக்கு பெருமை, பேப்பர் கட்டு மடில வச்சுக்கிட்டே கேட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் ஏறல, திருத்துறதும் நாலு நாள் தள்ளிப்போச்சு. இப்ப ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நாள், அப்புறம் வேலை நாள் இல்லாத சனிக்கிழமைல ரெண்டு, அவ்வளவுதான், அதுவும் ரெண்டு சனிக்கிழமை வேலை நாள் முடிஞ்ச உடனே மூணாவதா வராம பாத்துக்குவேன். மார்ச்ல எதுவுமே வைக்காதீங்க, பொதுத்தேர்வு டியூட்டிக்கு பாதி ஸ்டாஃப் வெளிய போயிடுவாங்க. உங்க ஸ்கூலே தேர்வு மையம்னா சின்ன கிளாஸுக்கு ரூமே இருக்காது, அப்ப அந்த நாட்களையும் 197ல இருந்து கழிச்சே ஆகணும்.

வருஷம் ஓடும்போது மாசக் கடைசில பிரிவு வாரியா ஒவ்வொரு பாடத்துக்கும் திட்டத்துல எத்தனை பீரியட், நடந்தது எத்தனைனு ரெண்டு நம்பர் மட்டும் எழுதி வாங்குங்க. அஞ்சாறு பீரியட் வித்தியாசம் வந்தா அடுத்த சனிக்கிழமை எந்தக் கிழமை டைம்டேபிள்னு மாத்திக்கலாம். ஜனவரில பாத்தா ஒண்ணும் பண்ண முடியாது.

பிரிண்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி வேன் டிரைவர் அண்ணன்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. நான் நாலு பேர்கிட்ட சரிபாத்து கையெழுத்து வாங்கின காலண்டர அவர் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, "சார், இந்த சனிக்கிழமை ரெண்டு வேனும் சர்வீஸுக்கு மேட்டுப்பாளையம் போகுதே, பசங்கள யார் கூட்டிட்டு வர்றது?"ன்னு கேட்டாரு.