42.50 என்று காட்டிய பங்கு 43.15க்கு ஏன் கிடைத்தது?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து ஆப் வழியாகக் கொழும்புப் பங்குச் சந்தையில் 1000 பங்கு வாங்கினேன். விற்கும் விலை 42.50 என்று காட்டியது, சராசரி 43.15 ஆகிவிட்டது. விலையை யார் வைப்பது?

யாரும் தனியாக வைப்பதில்லை. வாங்குபவர்கள் கேட்கும் விலைகள் ஒரு பக்கம், விற்பவர்கள் சொல்லும் விலைகள் மறுபக்கம் வரிசையில் நிற்கும். இரண்டும் பொருந்தினால்தான் வியாபாரம். ஒரே விலையில் பலர் நின்றால் முதலில் வந்தவருக்கே முன்னுரிமை. யாழ்ப்பாணத்தில் இருந்து போட்டாலும் கொழும்பில் இருந்து போட்டாலும் வரிசை ஒன்றுதான்.

உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இப்படி இருக்கும். 42.50க்கு விற்க இருந்தது 300 பங்குதான். அடுத்து 43.00க்கு 400, பிறகு 44.00க்கு 2000. நீங்கள் விலை குறிப்பிடாமல், சந்தை விலைக்கே 1000 கேட்டிருப்பீர்கள். முதல் இரண்டும் தீர்ந்து, மீதி 300 பங்கு 44.00க்குக் கிடைத்தது. மொத்தம் 43,150 ரூபாய், தரகுக் கட்டணம் தனி.

இப்போது திரையில் கடைசி விலை 44.00 என்று தெரியும். லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்க நிற்பவர் 42.00தான் தருகிறார் என்றால், உடனே விற்றால் உங்களுக்கு வருவதும் அதுதான். வியாபாரம் குறைந்த பங்குகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும்.

அடுத்த முறை ஆர்டர் போடுமுன் இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் பாருங்கள். 42.50க்கு மேல் வேண்டாம் என்று உச்ச விலை வைத்துப் போட்டால் 300 பங்கு கிடைக்கும், மீதி 700 வரிசையில் காத்திருக்கும். யாரும் அந்த விலைக்கு இறங்காவிட்டால் கிடைக்காமலும் போகலாம்.