டாய்லெட் ஸ்பிரே ஹோஸ் அடிக்கடி வெடிக்கிறதா?

"ஜார்ஜ்டவுனில் எட்டு அறை வாடகைக்கு விடுகிறோம். டாய்லெட் ஸ்பிரே ஹோஸ் அடிக்கடி வெடிக்கிறது. விலை கூடினதா வாங்கலாமா?"

வேண்டாம். ஸ்பிரேயும் ஹோஸும் சாதாரண அரை இஞ்ச் போதும், எட்டு அறைக்கும் ஒரே மாடல், கூடவே இரண்டு செட் உபரி. காசைச் சுவர் வால்வில் போடுங்கள்: கால்வாசித் திருப்பில் மூடும் பித்தளை வால்வு.

விருந்தாளிகள் ஸ்பிரேயின் விசையை மட்டும் விட்டுவிட்டு வால்வைத் திறந்தே வைத்திருப்பார்கள், அதனால் ராப்பகலாக முழு அழுத்தமும் ஹோஸுக்குள்ளேயே நிற்கிறது. வெளியே பளபளக்கிற ஸ்டீல் பெரும்பாலும் சட்டைதான், தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் குழாய்தான்.

பழைய ஹோஸை எடுத்துப் பாருங்கள். நட்டை ஒட்டிப் பிளந்திருந்தால் இந்த அழுத்தமும் மடிப்பும்தான் காரணம். கொக்கியை ஹோஸ் மடங்காத உயரத்துக்கு மாற்றுங்கள். நட்டில் மட்டும் சொட்டினால் ரப்பர் வாஷர் போதும், அங்கே டேப் சுற்றிப் பயனில்லை, அடைப்பது வாஷர்தான்.

சுத்தம் செய்கிறவர் அறையை விடும்போது வால்வை மூடச் சொல்லுங்கள்.

ஆனால் ஷவர் ஹோஸ், பேசின் ஹோஸ் எல்லாமே போகிறதென்றால் பம்பின் அழுத்தம் கூடுதல். அப்போது பிளம்பரைக் கூப்பிட்டு அழுத்தம் குறைக்கும் வால்வு போடாமல், எந்த ஹோஸ் வாங்கினாலும் வீண்.