கான்ட்ராக்ட் மொத்தமும் உங்க பேர்ல, வரியும் மொத்தமா உங்க தலையில

கேள்வி: சார், நான் பாட்டுக்கச்சேரி பண்றவன், கூட ரெண்டு பக்கவாத்தியம். அமெரிக்காவுல 8 கச்சேரி, ஸ்பான்சர் மச்சானுக்குத் தெரிஞ்சவர். கான்ட்ராக்ட்ல 20,000 டாலர், ஆனா 30% வரின்னு பிடிச்சு 14,000 தான் குடுத்தாங்க. பக்கவாத்தியம் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 4,000 குடுத்தேன், டிக்கெட், விசாவுக்கு வாங்கின 6,000 டாலர் பர்சனல் லோன் அசலை அடைச்சேன், அத்தோட காலி. வட்டி பாக்கி நிக்குது. அடுத்த டூருக்கும் லோன் போடலாமா? மச்சான் வேற, ஃபீஸ கிரிப்டோவுல வாங்கிட்டா பிடித்தமே வராதுன்றார்.

பதில்: லோனைப் பத்தி அப்புறம் பேசுவோம், உங்களைக் கவுக்கிறது லோன் இல்லீங்க. மூணு பேரோட சம்பளத்தையும் உங்க ஒருத்தர் பேர்ல ஒரே தொகையா கான்ட்ராக்ட் போட்டு கையெழுத்து போடுறீங்க பாருங்க, அதுதான். அப்படிப் போட்டா ஸ்பான்சர் கணக்குல 20,000மும் உங்க வருமானம், பிடிச்ச 6,000மும் உங்க வரி. பக்கவாத்தியக்காரங்க பங்கான 8,000க்கு உண்டான 2,400ஐயும் நீங்களே சுமந்துட்டு, அவங்களுக்கு முழுத்தொகையையும் எண்ணிக் குடுத்திருக்கீங்க. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, அவங்களுக்கு நீங்க சம்பளம் குடுக்கிறதால அந்த ஊர் சட்டப்படி அதுல 30% பிடிச்சுக் கட்ட வேண்டிய பொறுப்பும் உங்க மேலயே வந்து விழுது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க.

இப்ப அந்த 6,000 கதைக்கு வருவோம். அது போய்த் தொலைஞ்ச காசுன்னு நினைச்சுட்டீங்கன்னு தோணுது. இல்ல. மொத்த ஃபீஸ் மேல முன்கூட்டியே பிடிச்சு வெச்ச தொகை அது, உங்க உண்மையான வரி லாபத்து மேலதான். உங்க கணக்கையே போட்டுப் பாருங்க, 20,000ல பக்கவாத்தியம் 8,000 போச்சு, டிக்கெட், விசா செலவு 6,000 போச்சு, மிச்சம் 6,000. அவ்வளவு சின்ன வருமானம் அங்க 10% ஸ்லாபுல வரும், வரி சுமாரா 600. பிடிச்சது 6,000. அப்ப ஏறக்குறைய 5,400 டாலர் திரும்ப வரணும், உங்க லோன்ல முக்காவாசிக்கு மேல! ஆனா தானா வராது, வெளிநாட்டுக்காரங்க அங்க போடுற 1040-என்ஆர் ரிட்டர்ன் போட்டு கேக்கணும்.

கேக்கிறதுக்கு, குடுத்த தொகையையும் பிடிச்ச வரியையும் காட்டுற ஒரு பேப்பர் கையில வேணும், அதுக்குப் பேர் 1042-எஸ். டூர் முடிஞ்ச அடுத்த வருஷம் மார்ச் 15க்குள்ள ஸ்பான்சர் உங்களுக்குத் தரணும். வந்ததும் மூணு இடம் பாருங்க. முதல் கட்டத்துல வருமானக் கோடு 42ன்னு இருக்கணும், அது கலைஞர்களுக்கானது. ரெண்டாவது கட்டத்துல மொத்தத் தொகை, 7ஏ கட்டத்துல பிடிச்ச வரி. உங்களுக்கு 20,000மும் 6,000மும் இருக்கணும். அந்தப் பேப்பர் வரவே இல்லன்னா, கேட்டா 'பாத்துக்கலாம்'னு இழுத்தா, வரின்னு சொல்லிப் பிடிச்ச காசை அரசாங்கத்துக்குக் கட்டாமலே வெச்சிருக்காங்களோன்னு சந்தேகப்படணும். மச்சானுக்குத் தெரிஞ்சவர்னு கேக்கக் கூச்சப்படாதீங்க. இந்தப் பேப்பரை வாட்ஸாப்ல இல்லாம ஈமெயில்ல எழுதிக் கேளுங்க.

ரிட்டர்ன் போட அங்கத்திய நம்பர் ஒண்ணு வேணும். பி-3 விசாவுல, அதாவது தனித்துவமான கலாச்சார நிகழ்ச்சிக்கான விசாவுல போறவங்களுக்கு அங்க வேலை செய்ய அனுமதி உண்டு, அதனால எஸ்எஸ்என், அதாவது சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்கு அப்ளை பண்ணலாம், அங்க இருக்கும்போதே போய் பண்ணிடுங்க, ஊர் திரும்பிட்டா அலைச்சல். தேதியும் முக்கியம். சம்பள ஆளா இல்லாம கான்ட்ராக்ட்ல பாடினவங்களுக்கு கெடு டூர் முடிஞ்ச அடுத்த வருஷம் ஜூன் 15. அதுல இருந்து 16 மாசத்துக்குள்ள போடலன்னா செலவைக் கழிக்கவே விடமாட்டாங்க, மொத்த ஃபீஸ் மேலயே வரி போட்டுடுவாங்க. அந்தக் கெடுவுக்கு அடுத்த வருஷ அக்டோபர் நடுவுல கதவு சாத்திடுவாங்கன்னு வெச்சுக்கோங்க. பழைய டூர்களையும் இந்தக் கணக்குல பாருங்க, எதுக்கு டைம் இருக்கோ அதை உடனே ஆரம்பிங்க. இதுக்கு 1040-என்ஆர் போட்டுப் பழக்கமுள்ள ஒருத்தர்கிட்ட போங்க, பக்கவாத்தியக்காரங்களுக்குக் குடுத்த காசுக்கு ரசீது, பேங்க் ஆதாரம் எல்லாம் எடுத்துட்டுப் போங்க, ஏன் அதுல வரி பிடிக்கலன்னு கேப்பாங்க, அதை மறைக்காம முதல்லயே சொல்லிடுங்க.

ஒண்ணு கவனிங்க, வரி கட்டுற சொந்த நாட்டுல வெளிநாட்டு வரிக்கு கிரெடிட் கேப்பீங்கல்ல, அங்க 6,000னு எழுதிடாதீங்க. கடைசியா அங்க நின்ன வரி 600 தான், அதுக்குத்தான் கிரெடிட். மீதியை ரீஃபண்டா வாங்கிட்டு இங்க கிரெடிட்டும் எடுத்தா அது பின்னாடி வந்து கடிக்கும்.

அடுத்த டூருக்கு ஸ்பான்சர்கிட்ட மூணு பேருக்கும் தனித்தனியா தொகை எழுதி, தனித்தனியா பணம் குடுக்கச் சொல்லுங்க. உங்களுக்கு 12,000, அவங்களுக்கு 4,000, 4,000. அவரவர் பங்குல அவரவர் வரி, அவரவர் பேர்ல 1042-எஸ். அவங்க கைக்கு 2,800 தான் வரும்ன்றதை கான்ட்ராக்ட்டுக்கு முன்னாடியே உக்காத்தி வெச்சு சொல்லிடுங்க, மீதி 1,200ல பெரும்பகுதியை அவங்களும் ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கலாம். மேடைக்கு ஏறுற நேரத்துல சொன்னா மனஸ்தாபம், மாசக்கணக்குல முன்னாடி சொன்னா பேச்சுவார்த்தை. சில மாநிலங்கள் தனியா பிடிக்கும், கலிஃபோர்னியாவுல வருஷத்துக்கு 1,500 டாலர் தாண்டினா 7%, கச்சேரி எந்த ஊர்லன்னு பாத்து அதையும் கணக்குல வைங்க.

பிடித்தத்தையே குறைக்க நேரான வழி ஒண்ணு இருக்கு. அங்கத்திய வரித்துறையான ஐஆர்எஸ்கிட்ட ஃபார்ம் 13930 போட்டு, செலவெல்லாம் காட்டி, லாபத்து மேல மட்டும் பிடிங்கன்னு ஒப்பந்தம் கேக்கலாம். முதல் கச்சேரிக்கு 45 நாளாவது முன்னாடி போகணும், கடைசி நேரத்துல கான்ட்ராக்ட் கையெழுத்தாகுற டூருக்கு இது எட்டாது. அதனாலதான் கான்ட்ராக்டை சீக்கிரம் முடிங்கன்னு சொல்றேன்.

மச்சான் சொல்ற கிரிப்டோவுக்கு நான் வரவே மாட்டேன், அதுல ஃபீஸ் வாங்கினாலும் வருமானம் வருமானம்தான், அன்னிக்கு என்ன மதிப்போ அதுல பிடிக்க வேண்டியது ஸ்பான்சர் கடமை. பிடிக்கலன்னா வரி உங்க மேலயே நிக்கும், ரீஃபண்ட் கேக்க 1042-எஸ்ஸும் இருக்காது. விசாவுக்குப் போட்ட பெட்டிஷன்ல ஒரு ஃபீஸ் எழுதியிருக்கும், வந்தது வேற மாதிரின்னா அடுத்த விசா இன்டர்வியூல அதை விளக்க வேண்டியது மச்சான் இல்ல, நீங்க.

இப்ப லோன். 20,000த்தைப் பாத்து வாங்காதீங்க. கான்ட்ராக்ட் பிரிச்சாச்சுன்னா கைக்கு வர்றது 8,400, அதுல 6,000 டிக்கெட்டும் விசாவும்னா மிச்சம் 2,400, ரீஃபண்ட் சுமாரா 3,000 அடுத்த வருஷம்தான். உங்க கடன் தாங்குற அளவு இந்த 8,400ஐ வெச்சுதான், ரீஃபண்டை நம்பி வாங்கக் கூடாது. முதல்ல ஸ்பான்சர்கிட்ட, டிக்கெட்டை நீங்களே எடுத்துக் குடுங்கன்னோ, விசா கெடச்சதும் பாதி அட்வான்ஸ் தாங்கன்னோ கேளுங்க, அட்வான்ஸ்லயும் 30% போகும்ன்றதை நினைவுல வெச்சுக்கோங்க. முடியாதுன்னு சொன்னாங்கன்னா டிக்கெட்டுக்கு மட்டும் சின்னதா வாங்குங்க, பழைய வட்டி பாக்கியை அதுல சேர்த்து புரட்டாதீங்க, அது ரீஃபண்ட் வந்ததும் அடைக்க வேண்டியது.